ஒற்றை நட்சத்திரத்துக்கு ஒரு பதில்

"நேத்து வெச்ச சாம்பார், ஒரே புளிச்ச நாத்தம். முக்கால் மணி நேரம் காக்க வெச்சாங்க. சப்ளையருக்குத் திமிர் ஜாஸ்தி. கேக்காத அப்பளத்துக்கும் காசு. யாரும் போயிடாதீங்க."

ஒரு சைவ மெஸ்ஸுக்கு ஞாயிறு இரவு கூகுள் மேப்ஸில் இப்படி ஒரு விமர்சனம் வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளரின் விரல் உடனே பரபரக்கும். ஆனால் அந்த நேரத்தில் எழுத அவரிடம் கோபத்தைத் தவிர வேறு சரக்கு இல்லை. மறுநாள் காலை கல்லாவில் பில்லைத் தேடி எடுத்து, கேமரா பதிவைப் பார்த்து, சரக்கு மாஸ்டரிடமும் சப்ளையரிடமும் தனித்தனியாகக் கேட்ட பிறகுதான் எழுத வேண்டும்.

விசாரித்தால் என்ன கிடைக்கும்? சாம்பார் அன்று காலை பத்தரைக்கு வைத்தது. இந்தக் குடும்பம் சாப்பிட உட்கார்ந்தது இரண்டரை மணிக்கு. இடையில் சூடு இறங்கிய வாளிச் சாம்பார் மீதே புதிதாகக் கொதித்ததை ஊற்றியிருக்கிறார்கள். பருப்புக் குழம்பை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வைக்காமல் வெதுவெதுப்பில் விட்டால் கிருமிகள் பெருகிப் புளித்துவிடும். அந்த மிச்சத்தோடு சேர்ந்ததும் கெட்டுப்போகும். ஆக, புளித்தது உண்மை, நேற்றையது என்பது உண்மையல்ல.

காத்திருப்பு விஷயம் இன்னும் நுணுக்கமானது. ஆர்டர் எடுத்த நேரத்தையும் பில் போட்ட நேரத்தையும் பார்த்தால், சாப்பிட்டு முடித்ததே நாற்பது நிமிடத்துக்குள். "பொய் சொல்கிறார்" என்று பாயத் தோன்றும். கேமராவைப் பார்த்தால், அவர்கள் அரை மணி நேரம் வாசலில் நின்றது தெரிகிறது. கடைக்கு நேரம் ஆர்டரிலிருந்து தொடங்குகிறது, பசித்தவருக்கு வாசலிலிருந்து. நிமிடக் கணக்கில் மல்லுக்கட்டுவது வீண். அப்பளமும் இப்படித்தான். "இன்னொண்ணு வைக்கட்டுமா?" என்று சப்ளையர் கேட்டிருக்கிறார், அதற்குத் தனிக்காசு என்று சொல்லவில்லை.

இப்போது பதில்:

"வணக்கம். ஞாயிறு மதியம் உங்கள் குடும்பத்துக்கு நல்ல சாப்பாடு தரத் தவறிவிட்டோம், மன்னியுங்கள். சாம்பார் புளித்திருந்தது உண்மை. அது அன்று காலை வைத்ததுதான். ஆனால் ஆறிய மிச்சத்தோடு புதியதைக் கலந்ததால் கெட்டுவிட்டது. இப்போது ஒன்றரை மணிக்கு மறுபடி புதிதாக வைக்கிறோம், மிச்சத்தை அதில் சேர்ப்பதில்லை. இடம் கிடைக்க எவ்வளவு நேரமாகும் என்று உங்களிடம் வாசலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அப்பளத்துக்குத் தனிக்காசு என்று சொல்லாமல் வைத்ததும் எங்கள் தவறு. அந்தத் தொகையைத் திருப்பித் தருகிறோம். பேசிய விதம் உங்களைப் புண்படுத்தியதற்கு வருந்துகிறேன், ஊழியரிடம் நானே பேசியிருக்கிறேன். மேப்ஸில் உள்ள கடை எண்ணில் அழைத்தால் நானே எடுப்பேன். — உரிமையாளர்"

இதில் மறுப்பு ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஒப்புக்கொண்ட பிறகு வருகிறது. "நேற்றையது இல்லை" என்று ஆரம்பித்திருந்தால், அடுத்து வரும் மன்னிப்பு யார் காதிலும் ஏறாது. சப்ளையர் பெயரைப் போட்டு அவரைப் பலிகொடுக்கவும் இல்லை, "எங்கள் ஊழியர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல" என்று சாதிக்கவும் இல்லை. தொனியைப் பற்றிய புகாருக்கு பில்லிலோ கேமராவிலோ சாட்சி கிடைக்காது. இரண்டரை மணிச் சாம்பார் எப்படியிருக்கும் என்று தயங்கும் அடுத்த வாடிக்கையாளர் படிக்கப்போவதும் இதைத்தான். "உங்கள் கருத்துக்கு நன்றி, கவனத்தில் கொள்கிறோம்" என்று பத்துப் பேருக்கும் ஒரே வரியை ஒட்டுவதைவிட, என் கணக்கில், பேசாமல் இருப்பதே மேல்.

ஒரு எச்சரிக்கை. "விமர்சனத்தை எடுத்துவிடுங்கள், இலவசச் சாப்பாடு தருகிறோம்" என்று பேரம் பேசக் கூடாது. கூகுளின் விதிகள் அதைத் தடை செய்கின்றன. அப்பளக் காசைத் திருப்பித் தருவது வேறு, அவர் நட்சத்திரத்தைக் கூட்டினாலும் கூட்டாவிட்டாலும் அது அவருக்குச் சேர வேண்டிய பணம். அவராக மனம் மாறினால் விமர்சனத்தைத் திருத்திக்கொள்ள வழி இருக்கிறது. உரிமையாளரும் தன் பதிலைத் திருத்தலாம்.

விமர்சனத்தை நீக்கும் உரிமை கடைக்காரருக்குக் கிடையாது. கெட்ட வார்த்தை, போலிக் கணக்கு, போட்டிக் கடைக்காரர் எழுதியது போன்ற விதிமீறல் என்றால் கூகுளிடம் புகார் செய்யலாம். கசப்பான கருத்து என்பதற்காக நீக்க மாட்டார்கள். வராத ஆள் எழுதியதாகச் சந்தேகம் வந்தாலும் "நீ போலி" என்று எழுத வேண்டாம். "நீங்கள் குறிப்பிடும் நாளில் எங்கள் பில்களில் இப்படியொரு ஆர்டரைக் காண முடியவில்லை. பில் எண்ணை எங்களுக்கு போனில் சொன்னால் உடனே பார்க்கிறோம்" என்ற இரண்டு வரி போதும்.