‘கார்டை மூடிவிட்டோம்’ என்று எங்கே எழுதியிருக்கிறது?

கிரெடிட் கார்டு வேண்டாம் என்று வங்கிக்குச் சொல்ல ஒரு போன் போதும். ஆனால், சொன்னதை ஆறு மாதம் கழித்து நிரூபிக்க வேண்டி வரும்போது அந்த போன் எதற்கும் உதவாது. வருடக் கட்டணம் விழுந்திருக்கும், அதன்மேல் வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறியிருக்கும், வசூல் ஆள் அழைப்பார். “அப்பவே கேன்சல் பண்ணச் சொல்லிட்டேனே” என்றால், “எங்க சிஸ்டத்துல அப்படி எதுவும் இல்லை சார்” என்று பதில் வரும். அந்த நேரத்தில் கையில் என்ன தாள் இருக்கிறது என்பதை வைத்தே எல்லாம் முடிவாகிறது.

இத்தனைக்கும் விதி நம் பக்கம் தெளிவாகவே இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்டு, அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த கார்டு நெறிமுறைகளின்படி, வாடிக்கையாளர் கேட்ட ஏழு வேலை நாட்களுக்குள் கார்டு கணக்கை மூட வேண்டும். மூடியதும் மின்னஞ்சலிலோ எஸ்.எம்.எஸ்ஸிலோ உடனே தெரிவிக்க வேண்டும். ஹெல்ப்லைன், மின்னஞ்சல், இணையதளம், செயலி எனப் பல வழிகளில் கேட்க வசதி தர வேண்டும். ‘தபாலில் எழுதி அனுப்புங்கள்’ என்று வற்புறுத்தக் கூடாது. ஏழு நாள் தாண்டினால், கணக்கில் நிலுவை இல்லாத பட்சத்தில், மூடும்வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்கு வங்கி தர வேண்டும்.

இந்த விதியை நிதானமாகப் படித்தால், எதற்கெல்லாம் சான்று தேவை என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. நான் கேட்டேன், இந்தத் தேதியில் கேட்டேன். என் கோரிக்கை வங்கிக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று என் கணக்கில் நிலுவை இல்லை. கணக்கு இந்தத் தேதியில் மூடப்பட்டது, அல்லது மூடப்படவில்லை. ஆக, நான்கு விஷயங்கள். பெரும்பாலானவர்கள் பத்திரமாக வைத்திருக்கும் கோரிக்கை எண், இவற்றில் இரண்டாவதை மட்டும்தான் நிரூபிக்கும். ஏதோ ஒரு கோரிக்கை வங்கிக்கு வந்தது என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை.

பலர் ஏமாறும் இடமும் இதுதான். கோரிக்கை பதிவான இரண்டு நாளில் வங்கியிலிருந்து ஒருவர் அழைப்பார். “இந்த வருஷக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்றோம், கார்டை வெச்சிருங்க” என்பார். நாம் பிடிகொடுக்காமல் “பார்க்கலாம்” என்று சொல்லி வைத்துவிடுவோம். மறுநாள் ‘உங்கள் சர்வீஸ் ரிக்வெஸ்ட் குளோஸ் செய்யப்பட்டது’ என்று எஸ்.எம்.எஸ் வரும். கார்டு மூடப்பட்டுவிட்டதாக நினைத்து நிம்மதியாகிவிடுவோம். உண்மையில் முடிந்தது கோரிக்கைதான், கார்டு அல்ல. வாடிக்கையாளர் கார்டைத் தொடரச் சம்மதித்தார் என்று அங்கே குறித்திருக்கலாம். ‘கார்டு பிளாக் செய்யப்பட்டது’ என்ற செய்தியும் இதே ரகம். பிளாக் செய்தால் அந்த அட்டையால் செலவு செய்ய முடியாது, அவ்வளவுதான்; கணக்கு உயிரோடு இருக்கும், வருடக் கட்டணமும் விழும். எனவே வரும் செய்தியில் கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள், கார்டு கணக்கு மூடப்பட்டது என்ற சொற்கள், தேதி ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அது மூடியதற்கான சான்று ஆகாது.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். கோவையில் ஒருவர், 2025 ஜூன் 14 அன்று கார்டு பாக்கியை முழுதும் கட்டிவிட்டு, 16ஆம் தேதி திங்கட்கிழமை செயலியில் கார்டை மூடக் கோருகிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் ஒரு எண் வருகிறது, ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார். அன்றிரவே வங்கியின் இணையதளத்தில் கார்டு மூடுவதற்கென்று கொடுத்திருக்கும் மின்னஞ்சல் முகவரிக்கு நான்கு வரி எழுதுகிறார்: “கடைசி நான்கு இலக்கம் இன்னது உள்ள என் கார்டு கணக்கை மூடக் கோரி இன்று செயலியில் விண்ணப்பித்தேன். கோரிக்கை எண் இன்னது. நிலுவை இல்லை. கட்டணத் தள்ளுபடி எதுவும் வேண்டாம், மூடியதை எழுத்தில் தெரிவிக்கவும்.” தானியங்கிப் பதில் ஒன்று வருகிறது.

மறுநாளிலிருந்து எண்ணினால், ஞாயிறு போக, ஏழாவது வேலை நாள் ஜூன் 24. இடையில் வரும் 21ஆம் தேதி மூன்றாவது சனி, வங்கிகளுக்கு வேலை நாள். 24 வரை கார்டு மூடப்படவில்லை. 28ஆம் தேதி வருடக் கட்டணம் 1,000 ரூபாயும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யுமாக 1,180 ரூபாய் விழுகிறது. அவர் புகார் எழுதிய பிறகு ஜூலை 9 அன்று கார்டு மூடப்படுகிறது. ஜூன் 25 முதல் ஜூலை 8 வரை 14 நாள் தாமதம். நாளொன்றுக்கு 500 வீதம் 7,000 ரூபாய் கேட்கிறார்.

வங்கி இரண்டு பதில் சொல்கிறது. ஒன்று, 16ஆம் தேதி வந்தது மூடும் கோரிக்கை அல்ல, கட்டணம் பற்றிய விசாரணை. இரண்டு, கணக்கில் 1,180 ரூபாய் நிலுவை இருந்ததால் அபராதம் பொருந்தாது.

அவர் ஸ்கிரீன்ஷாட்டைத் திறந்து பார்க்கிறார். எண் மட்டும் தெரியும்படி வெட்டி வைத்திருக்கிறார். எந்தக் கார்டு, எந்த வகைக் கோரிக்கை, எந்தத் தேதி என்று எதுவும் அதில் இல்லை. முதல் பதிலை அந்தப் படத்தால் மறுக்க முடியாது. மறுப்பது இரவில் அனுப்பிய மின்னஞ்சல்தான். அதில் எண்ணும் இருக்கிறது, ‘மூடக் கோரி’ என்ற சொற்களும் இருக்கின்றன, நாளும் நேரமும் இருக்கின்றன, வங்கியின் தானியங்கிப் பதில் அது போய்ச் சேர்ந்ததையும் காட்டுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13ஆவது பிரிவு இங்கே துணை நிற்கிறது. பெறுபவர் இதற்கென்று குறிப்பிட்ட கணினி அமைப்புக்குள் ஒரு மின்பதிவு நுழைந்ததுமே அது கிடைத்ததாகக் கொள்ளப்படும். அவர் திறந்து படித்தாரா என்பது கேள்வியே அல்ல. கிளை மேலாளரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பாமல் அறிவிக்கப்பட்ட முகவரிக்கே அனுப்ப வேண்டியது இதனால்தான்.

இரண்டாவது பதிலுக்கு மாத ஸ்டேட்மென்ட் போதும். ஜூன் 24 அன்று நிலுவை பூஜ்யம் என்றும், கட்டணம் 28இல்தான் விழுந்தது என்றும் அதுவே சொல்கிறது. கெடு முடிந்த பிறகு தானாக ஏற்றிய தொகையைக் காட்டி அந்தக் கெடுவிலிருந்தே தப்பிப்பது நியாயமல்ல என்று அவர் வாதிடலாம். ஆனால் ஸ்டேட்மென்ட் அவரிடம் இருக்க வேண்டும். கார்டு கணக்கு மூடப்பட்டதும் செயலியில் அதன் விவரங்கள் மறைந்துபோவது வழக்கம். அதனால் மூடக் கேட்பதற்கு முன்பே ஓராண்டு ஸ்டேட்மென்ட்டுகளை இறக்கி வைத்துவிட வேண்டும். அப்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: ஓ.டி.டி. சந்தா போன்ற தானியங்கிக் கட்டணம் ஏதாவது அந்தக் கார்டில் ஓடுகிறதா? ஐம்பது ரூபாய் நிலுவை நின்றால்கூட அபராதக் கணக்கு ஓடாது.

ஸ்கிரீன்ஷாட் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. வெட்டப்பட்ட ஸ்கிரீன்ஷாட்தான் பயனற்றது. முழுத் திரையும் வர வேண்டும்: மேலே நேரம், நடுவில் கார்டு இலக்கமும் கோரிக்கை வகையும் எண்ணும். பிரவுசர் என்றால் முகவரிப் பட்டையும், எஸ்.எம்.எஸ் என்றால் அனுப்பியவர் பெயரும் தேதியும் தெரிய வேண்டும். சிவப்பு வட்டம் போடுவதென்றால் நகலில் போடுங்கள். மூலப் படத்தைத் தொடாதீர்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொண்டால் படம் சுருக்கப்படும், எடுத்த நேரம் முதலான உள்விவரங்கள் போய்விடும்.

மின்னஞ்சலின் வலிமை அதன் தலைப்பு விவரங்களில் இருக்கிறது. எந்தச் சர்வரிலிருந்து எந்தச் சர்வருக்கு எத்தனை மணிக்குப் போனது என்பது அதில் வரிவரியாகப் பதிந்திருக்கும். மின்னஞ்சலை ஸ்கிரீன்ஷாட்டாகவோ ஃபார்வேர்டாகவோ வைத்தால் அது காணாமல் போகும். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மின்னஞ்சலின் மூன்று புள்ளி மெனுவில் Download message என்பதை அழுத்தினால், .eml கோப்பாக அப்படியே இறங்கும். அதை வைத்துக்கொள்ளுங்கள், மூலத்தையும் அழிக்க வேண்டாம்.

இவையெல்லாம் சட்டத்தின் கண்ணில் சாட்சியமா? யாரிடம் காட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம், 63ஆவது பிரிவில் மின்பதிவின் நகலுக்குச் சான்றிதழ் கேட்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று வழக்கறிஞர்கள் வாயில் புழங்கியது இதன் முன்னோடி. புதிய சான்றிதழில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்றில் பதிவைத் தருபவர் எந்தச் சாதனத்திலிருந்து எடுத்தது என்று கூறிக் கையொப்பமிட வேண்டும், மற்றதில் நிபுணர் கையொப்பமிட வேண்டும். கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் அதில் இருக்கும். சாதனத்தையே அதன் உரிமையாளர் நீதிமன்றத்தில் கொண்டுவந்து காட்டினால் சான்றிதழ் தேவையில்லை என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய பிரிவைப் பற்றிச் சொன்னது. செய்தி வந்த பழைய போனை விற்பதற்கு முன் ஒருமுறை யோசிக்க இது காரணம்.

ஆனால் கார்டுத் தகராறு பெரும்பாலும் உரிமையியல் நீதிமன்றம்வரை போவதில்லை. முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் செய்ய வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் cms.rbi.org.in வழியாகப் போகலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டாம். அங்கே நடப்பது சுருக்கமான விசாரணை, சாட்சியச் சட்டத்தின் நுணுக்கங்கள் அதைக் கட்டுப்படுத்துவதில்லை. நுகர்வோர் ஆணையங்களும் பிரமாணப் பத்திரத்தையும் ஆவணங்களையும் வைத்தே பெரும்பாலும் முடிவு செய்கின்றன. இந்த இரண்டு இடங்களிலும் தேதி வரிசையில் அடுக்கிய, வெட்டாத ஆவணங்கள் எடுபடும். மின்னஞ்சல், தானியங்கிப் பதில், ஸ்டேட்மென்ட், மூடிய அறிவிப்பு என்று ஒன்றையொன்று தாங்கி நின்றால், ஏதாவது ஒன்றைப் போலி என்று சொல்வது வங்கிக்குக் கடினம்.

போனில் மட்டுமே பேசியிருந்தால்? உரையாடல் பதிவு வங்கியின் கையில் இருக்கிறது, அதை எவ்வளவு நாள் வைத்திருப்பது என்பதும் அவர்கள் முடிவுதான். பேசிய நாள், நேரம், எந்த எண்ணிலிருந்து பேசினீர்கள், எதிர்முனையில் சொன்ன பெயர் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். போனின் அழைப்புப் பட்டியலையும் முழுத் திரையாகப் படமெடுத்து வையுங்கள். பதிவு கிடைக்காவிட்டாலும், உடனுக்குடன் எழுதிய அந்தக் கடிதம் நிற்கும். மாதங்கள் கழித்து நினைவிலிருந்து எழுதுவதற்கு அந்த எடை வராது.

இவை எல்லாவற்றையும்விட நான் மதிக்கும் சான்று, நாமும் தயாரிக்காத, வங்கி நமக்காகவும் தயாரிக்காத ஒன்று. கார்டு மூடப்பட்ட தகவலை வங்கி 30 நாளுக்குள் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூடிய இரண்டு மாதம் கழித்து ஒன்றை எடுத்துப் பாருங்கள். கணக்கு மூடப்பட்டதாகவும், மூடிய தேதியும், பாக்கி பூஜ்யம் என்றும் இருந்தால், அது வங்கியே மூன்றாம் நபரிடம் கொடுத்த வாக்குமூலம். இன்னும் மூடப்படாத கணக்காகவே இருந்தால் சிக்கல் அங்கேயே தெரிந்துவிடும். அப்போது திருத்தக் கோரி எழுதுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து இருக்கிறது.

எத்தனை காலம் வைத்திருப்பது? நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய இரண்டு ஆண்டுக் கெடு இருப்பதால் அதுவரை மொத்தக் கோப்பும் தேவை. மூடிய அறிவிப்பையும் கடைசி பூஜ்ய ஸ்டேட்மென்ட்டையும் மட்டும் எப்போதுமே அழிக்காதீர்கள். பழைய வாராக்கடன்களை வங்கிகள் வேறு நிறுவனங்களுக்கு விற்பதுண்டு. அப்படி வாங்கியவர் பல ஆண்டுகள் கழித்து அழைக்கும்போது, அவரிடம் இருப்பது ஒரு பட்டியல்தான். அதில் உங்கள் பெயர் தவறாக இடம்பெற்றிருந்தால் நீக்கவைக்க அந்த இரண்டு பக்கங்களும் வேண்டியிருக்கும்.