கஸ்டடி மரணம்: கையெழுத்துப் போடுவதற்கு முன்

போலீஸ் காவலிலோ சிறையிலோ ஒருவர் இறந்துவிட்டால், குடும்பத்துக்குச் செய்தி வரும்போதே உடல் அரசு மருத்துவமனை மார்ச்சுவரியில் இருக்கும். 'சீக்கிரம் போஸ்ட்மார்ட்டம் முடித்து உடலை வாங்கிக்கொள்ளுங்கள்' என்று பலரும் அவசரப்படுத்துவார்கள். அழுதுகொண்டிருக்கும் அந்த நேரத்தில் நீட்டப்படும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 'மரணத்தில் சந்தேகம் இல்லை' என்ற ஒரு வரி அதில் இருந்தால், பிறகு நீங்கள் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் எதிராக அதுதான் காட்டப்படும்.

இப்படிப்பட்ட மரணத்தைப் போலீஸ் மட்டும் விசாரித்து முடித்துவிட முடியாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவின்படி, போலீஸ் விசாரணையோடு மாஜிஸ்திரேட் விசாரணையும் கட்டாயம். இது கோர்ட்டில் உட்காரும் ஜுடீஷியல் மாஜிஸ்திரேட் நடத்துவது. 2006 முதலே பழைய சட்டத்தின் 176(1ஏ) பிரிவில் இருந்ததுதான். ஆர்.டி.ஓ. வந்து கேட்டுவிட்டுப் போனார் என்றால் இந்த விசாரணை முடிந்துவிட்டதாக அர்த்தமில்லை. 'எந்த மாஜிஸ்திரேட் விசாரிக்கிறார்?' என்று முதல் நாளே கேளுங்கள்.

இதில் ஜுடீஷியல் மாஜிஸ்திரேட் எவ்வளவு முக்கியம் என்பதைச் சாத்தான்குளம் காட்டியது. 2020 ஜூன் 19 அன்று கைதான ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு, 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து இறந்தார்கள். இறந்த இடம் கோவில்பட்டி என்பதால், அந்த ஊர் மாஜிஸ்திரேட் பாரதிதாசன் விசாரித்தார். அவர் சாத்தான்குளம் ஸ்டேஷனுக்கே நேரில் போனார். அங்கே அவருக்கு ஒத்துழைப்புத் தரப்படவில்லை. சிசிடிவி பதிவுகளும் அழிந்துபோயிருந்தன. ஆனால் கைதான இரவு பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி, இரவு முழுக்க அடி விழுந்ததையும் லத்தியிலும் மேஜையிலும் ரத்தக் கறை இருந்ததையும் வாக்குமூலமாகச் சொன்னார். அந்த அறிக்கை உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போன பிறகுதான் வழக்கு கொலை வழக்கானது. பின்னர் சி.பி.ஐ. அதை விசாரித்தது.

இந்த விசாரணையில் குடும்பம் வேடிக்கை பார்க்க வேண்டியதில்லை. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் ஆகியோரைச் சட்டம் உறவினர்களாகக் கருதுகிறது. அவர்களுடைய முகவரி தெரிந்திருந்தால், முடிந்த வரை மாஜிஸ்திரேட் தகவல் சொல்லி, விசாரணையின்போது கூட இருக்க அனுமதிக்க வேண்டும். எனவே காத்திருக்காமல் உங்கள் பெயர், முகவரி, செல்போன் எண் ஆகியவற்றை எழுதி மாஜிஸ்திரேட்டிடம் மனுவாகக் கொடுங்கள். எப்போது யார் வந்து அழைத்துப் போனார்கள், அப்போது உடம்பில் காயம் இருந்ததா, கடைசியாக யார் பார்த்தார்கள், என்ன உடை போட்டிருந்தார் என்பதை எல்லாம் மறப்பதற்குள் எழுதி வையுங்கள். பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், தெருவிலிருக்கும் கடையின் கேமரா, மருந்துச் சீட்டு எல்லாம் அந்த மனுவில் இடம்பெறட்டும். கேமரா பதிவு சில நாட்களில் அழிந்துவிடக்கூடும் என்பதால் அதை உடனே பாதுகாக்கும்படி கேளுங்கள்.

அடுத்தது உடல். இறந்த 24 மணி நேரத்துக்குள் உடலைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். முடியாவிட்டால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். 2020 டிசம்பரில் சந்தோஷ் என்பவர் தொடுத்த வழக்கில் மதுரைக் கிளை இன்னும் தெளிவாகச் சொன்னது. நெருங்கிய உறவினர் உடலைப் பார்க்காமல் போஸ்ட்மார்ட்டம் செய்யக் கூடாது. அதை வீடியோ எடுக்க வேண்டும். உயர் நீதிமன்றம் போகப் போவதாகக் குடும்பம் எழுத்தில் தெரிவித்தால், உடலை 48 மணி நேரமாவது மார்ச்சுவரியில் வைத்திருக்க வேண்டும். எரித்துவிட்டால் மறு பரிசோதனைக்கு வழியே இல்லை. அந்த 48 மணி நேரத்தின் மதிப்பு அதுதான். உடலைப் பார்க்கும்போது முதுகையும் உள்ளங்காலையும் புரட்டிக் காட்டச் சொல்லுங்கள். லத்தி அடியின் தடம் அங்கே இருக்கக்கூடும்.

உதாரணமாக, ராஜபாளையத்தில் பிடிக்கப்பட்ட ஒருவர் ரிமாண்ட் ஆகி மதுரை மத்திய சிறையில் இறந்தால், விசாரணை மதுரை மாஜிஸ்திரேட்டிடம் போகக்கூடும். அந்தக் கோர்ட்டைத் தேடி அலைய நேரிடும் என்பதால் வக்கீல் துணை வேண்டும். ராஜபாளையத்துக்கான மாவட்ட நீதிமன்றம் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் வருமானத்தைப் பொருட்படுத்தாமல் அங்கே இலவசமாக வக்கீல் கேட்கலாம். தொலைபேசி எண் 15100.

ஒன்றை மட்டும் மனதில் வைத்திருங்கள். மாஜிஸ்திரேட் விசாரணை மரணத்தின் காரணத்தைக் கண்டறியும். யாருக்கும் தண்டனை தராது. தண்டனைக்குக் கொலை வழக்குத் தனியாகப் பதிவாகி நடக்க வேண்டும். விசாரணை முடிய இத்தனை நாள் என்ற வரம்பும் சட்டத்தில் இல்லை. அதனால் மனுவின் நகலில் தேதியும் ஒப்புதல் கையெழுத்தும் வாங்கி வைத்து, போஸ்ட்மார்ட்டம் அறிக்கையையும் விசாரணை அறிக்கையையும் எழுத்திலேயே கேளுங்கள். பதில் வராவிட்டால் மதுரைக் கிளையை அணுகுங்கள்.