நாக்குப் புற்றுநோய் அறிக்கையில் இரண்டு வரிகள்

வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்தபின் வரும் பத்தாலஜி அறிக்கையில் கட்டியின் அளவு, ஆழம், வெட்டு விளிம்பு, நிணநீர் முடிச்சுகளின் நிலை ஆகியவற்றுடன் லிம்ஃபோவாஸ்குலர் இன்வேஷன், பெரிநியூரல் இன்வேஷன் என்ற இரண்டு வரிகளும் இருக்கும். புற்றணுக்கள் நிணநீர்க் குழாய்க்குள்ளோ ரத்தக் குழாய்க்குள்ளோ புகுந்துள்ளனவா என்பதை முதல் வரி சொல்கிறது. நரம்பைப் பற்றிக்கொண்டுள்ளனவா என்பதை இரண்டாவது வரி சொல்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். நாக்கின் பக்கவாட்டில் 1.8 செ.மீ. கட்டி, ஆழம் 4 மி.மீ. வெட்டு விளிம்புக்கும் கட்டிக்கும் இடையே 6 மி.மீ. நல்ல திசு இருக்கிறது. கழுத்திலிருந்து எடுத்த நிணநீர் முடிச்சுகள் எதிலும் புற்று இல்லை. 2 செ.மீ.க்கு மிகாத அகலமும் 5 மி.மீ.க்கு மிகாத ஆழமும் கொண்ட வாய்க்கட்டி டி1 எனப்படும். ஆகவே இது முதல் நிலை நோய். குழாயிலும் நரம்பிலும் புற்றணுக்கள் காணப்பட்டாலும் இந்த நிலை எண் மாறாது. நோய் திரும்பி வரும் வாய்ப்புதான் கூடுகிறது.

நாக்கில் நிணநீர்க் குழாய்கள் அடர்த்தியாக உள்ளன. அவை கழுத்து முடிச்சுகளை நோக்கிச் செல்கின்றன. குழாய்க்குள் ஓர் அணுக்கூட்டம் தெரிகிறது என்றால், கட்டியிலிருந்து பிரிந்து பயணம் போகும் திறன் அந்தப் புற்றுக்கு வந்துவிட்டது என்று பொருள். அப்படிப் பிரியும் அணுக்களில் பெரும்பாலானவை அழிந்துவிடும். சில மட்டும் தப்பி எங்காவது ஒரு முடிச்சில் தங்கலாம். ஒவ்வொரு முடிச்சிலும் ஓரிரு மெல்லிய சீவல்களே நுண்ணோக்கியில் பார்க்கப்படுவதால், சிறு அணுக்கூட்டம் கண்ணில் படாமல் போகக்கூடும். முடிச்சுகளில் புற்று இல்லை என்ற முடிவு வந்த பிறகும் கழுத்தில் நோய் தலைகாட்டுவதற்கு இது ஒரு காரணம்.

நரம்பில் நடப்பது வேறு. மின்கம்பிக்கு உறை இருப்பதுபோல நரம்புக்கும் உறைகள் உண்டு. அவை மூன்று அடுக்குகள். தடுப்பு குறைந்த வழி என்பதால்தான் புற்று நரம்போரம் பரவுகிறது என்று முன்பு கருதப்பட்டது. நரம்பும் அதைச் சூழ்ந்த அணுக்களும் சுரக்கும் வளர்ச்சிப் புரதங்கள் புற்றணுக்களை ஈர்க்கின்றன என்பது இப்போது தெரிந்திருக்கிறது. இந்த வழியில் செல்லும் அணுக்கள், கட்டியின் கண்ணுக்குத் தெரியும் ஓரத்தைத் தாண்டி மெல்லிய இழையாக நீண்டிருக்கலாம். விளிம்பு அளவு எடுக்கப்படும் இடத்தில் அந்த இழை சிக்காவிட்டால், 6 மி.மீ. என்ற இடைவெளி உண்மையில் அவ்வளவு பாதுகாப்பு தராது. எனவே நரம்பு ஊடுருவலில், கட்டி இருந்த இடத்திலேயே நோய் திரும்பி வருவது முக்கியக் கவலையாகிறது.

இந்த இரண்டையும் கண்டறிவதில் தவறுக்கு இடமுண்டு. திசுவைப் பதப்படுத்தும்போது அது சுருங்கி, அணுக்கூட்டத்தைச் சுற்றி வெற்றிடம் உண்டாகும். பார்வைக்கு அது குழாய் போலவே இருக்கும். அந்த இடத்துக்கு உட்சுவர் அணுக்கள் உள்ளனவா என்பதை வைத்தே உண்மைக் குழாய் உறுதிசெய்யப்படுகிறது. ஐயம் எழுந்தால், நிணநீர்க் குழாயின் சுவரை நிறமேற்றிக் காட்டும் டி2-40 போன்ற சாயச் சோதனை உதவும். நரம்பின் அருகே புற்று இருப்பது மட்டும் ஊடுருவல் ஆகாது. உறை அடுக்குகளுக்குள் புகுந்திருக்க வேண்டும், அல்லது நரம்பின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கையாவது சூழ்ந்திருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். பாதிக்கப்பட்ட நரம்பு பெரியதா, அது கட்டிக்கு வெளியே உள்ளதா, எத்தனை நரம்புகள் என்பவையும் ஆபத்தின் அளவைக் கூட்டும், குறைக்கும்.

எடுத்துக்காட்டில் சொன்ன நோயாளிக்கு இரண்டு வரிகளும் 'இல்லை' என்று வந்திருந்தால், பொதுவாக அறுவையோடு சிகிச்சை முடிந்து, தொடர் கண்காணிப்பு மட்டும் நடக்கும். இரண்டும் 'உண்டு' என்று வந்தால் கதிர்வீச்சு சிகிச்சை பற்றிய பேச்சு எழும். அறுவை முடிந்து சுமார் 6 வாரங்களுக்குள் தொடங்கி, வாரத்துக்கு 5 நாட்களாக 6 வாரங்களில் மொத்தம் 60 கிரே அளவு தருவது வழக்கமான முறை. விளிம்பில் புற்று இருந்தாலோ, முடிச்சின் உறையை உடைத்துக்கொண்டு புற்று வெளியேறியிருந்தாலோ கதிர்வீச்சுடன் கீமோதெரபியும் சேர்க்கப்படும். இந்த இரண்டு வரிகள் மட்டும் அதற்குப் போதுமானவை அல்ல. சிறிய கட்டியில் நரம்பு ஊடுருவல் ஒன்றே குறையாக இருக்கும்போது கதிர்வீச்சு எவ்வளவு பயன் தரும் என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வாய் வறட்சி, தாடை எலும்புப் பாதிப்பு போன்ற பின்விளைவுகளையும் சேர்த்துத்தான் முடிவு எடுக்கப்படுகிறது.

'உண்டு' என்றால் நோய் ஏற்கெனவே பரவிவிட்டது என்று பொருளல்ல. பரவும் வழியில் புற்று காணப்பட்டது என்பதே அதன் பொருள். அதேபோல 'காணப்படவில்லை' என்பது, பார்த்த சீவல்களில் இல்லை என்பதைத்தான் சொல்கிறது.