'தெரியல' வேற, 'கேக்கல' வேற

ஒரு உதாரணம் வெச்சுக்குவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு ஃபேக்டரி, மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன் வேலை. திருவள்ளூர்ல இருந்து வந்த, ஐடிஐ முடிச்ச ஒருத்தரோட இன்டர்வியூ ரெக்கார்டிங் உங்ககிட்ட இருக்கு. தேர்வுக் குழுவுல மூணு பேர். அவங்க அதை முழுசா கேக்கப் போறதில்ல, நீங்க எழுதுற அரைப் பக்கத்தைத்தான் படிப்பாங்க.

அறிவிப்புல கேட்ட தகுதி: 'மின்சாரத்தைத் துண்டித்துப் பாதுகாப்பாகப் பழுதுபார்த்தல்'. நமக்கோ "தயங்கித் தயங்கிப் பேசினார்"னு எழுதத்தான் கை போகும். சரளமா பேசணும்னு அறிவிப்புல எங்கயும் இல்லையே! 14-வது நிமிஷத்துல அவர் சொன்னதை அப்படியே எழுதுங்க: "மெயினை ஆஃப் பண்ணி, பூட்டு போட்டு, டேக் மாட்டிட்டுத்தான் கைவைப்பேன்." நிமிஷத்தையும் பக்கத்துல போடுங்க. சந்தேகம் வந்தா அவங்களே கேட்டுப் பாத்துக்கலாம்.

ஆஃப் பண்ணினப்புறம் கரன்ட் நிஜமாவே போயிடுச்சான்னு மீட்டர் வெச்சுப் பாக்கணும். அதை அவர் சொல்லல. ஆனா திரும்பக் கேட்டா, அவர் முடிக்கிறதுக்குள்ள அடுத்த கேள்வி வந்துடுது. அப்போ "தெரியவில்லை"ன்னு எழுதினா தப்பு. "சொல்லவில்லை, தொடர்ந்து கேட்கப்படவும் இல்லை"ன்னு எழுதணும். இன்னொருத்தர்கிட்ட இதே இடத்துல "அப்புறம்?"னு கேட்டிருந்தா, அவரோட குறிப்புல அதையும் எழுதணும். முதல் ஆளுக்கு ஒரு போன் போட்டுக் கேக்க அஞ்சு நிமிஷம் போதும்.