ஒரே தளம், இரண்டு கணக்கு

ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். அவருக்கு இரண்டு கூகுள் கணக்குகள். ஒன்று பல வருடங்களாக வைத்திருக்கும் சொந்த ஜிமெயில். மற்றொன்று பள்ளி கொடுத்தது; முகவரியின் கடைசியில் பள்ளியின் பெயர் வரும். ஒரே பிரவுசரில் இரண்டையும் வைத்துக்கொள்ள கூகுள் இடம் தருகிறது. மேல் மூலையில் இருக்கும் படத்தைத் தட்டி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளலாம். மெயில் படிக்கும் வரை இதில் தொந்தரவு இல்லை. தலைமையாசிரியர் வாட்ஸ்அப்பில் ஒரு மதிப்பெண் பட்டியலின் லிங்க்கை அனுப்பும்போதுதான் தொந்தரவு ஆரம்பிக்கிறது. தட்டினால் பட்டியல் வருவதில்லை. உங்களுக்கு அனுமதி இல்லை, வேண்டுமானால் கேளுங்கள் என்று ஒரு பக்கம் வந்து நிற்கிறது.

வெளியிலிருந்து வரும் லிங்க்கை கூகுள் பெரும்பாலும் முதலில் லாகின் ஆன கணக்கின் பெயரில்தான் திறக்கும். இங்கே முதலில் லாகின் ஆனது சொந்தக் கணக்கு. அவசரத்தில் ஆசிரியை அனுமதி கேட்கும் பட்டனை அழுத்திவிட்டால், சொந்த முகவரியிலிருந்து தலைமையாசிரியருக்குக் கோரிக்கை போகும். தெரிந்த பெயர்தானே என்று அவரும் சம்மதித்துவிட்டால், மாணவர்களின் மதிப்பெண்கள் பள்ளிக்கு வெளியே உள்ள ஒரு கணக்குக்குத் திறந்துவிடப்பட்டதாகிவிடும். கூகுள் பரவாயில்லை என்று சொல்லவேண்டும். பல தளங்களில் இரண்டாவது கணக்குக்கு இடமே கிடையாது. ஒன்றில் நுழைந்தால் மற்றது வெளியே வந்துவிடும்.

ஏன் இப்படி? ஒரு தளத்தில் லாகின் செய்ததும், அதன் சர்வர் ஒரு சிறு குறிப்பைப் பிரவுசரிடம் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறது. அதுதான் குக்கி. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மோன்டுல்லி என்ற பொறியாளர் உருவாக்கிய ஏற்பாடு இது. கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வாங்கும் டோக்கனைப் போல, அடுத்த முறை அந்தத் தளத்தின் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் பிரவுசர் அந்தக் குறிப்பை நீட்டுகிறது. சர்வர் அதைப் பார்த்து, இவர் இன்னார் என்று அறிந்துகொள்கிறது.

இந்தக் குறிப்புகளைப் பிரவுசர் எதை வைத்து அடையாளம் காண்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. குக்கியின் பெயர், அதைக் கொடுத்த தளம், தளத்தில் எந்தப் பகுதிக்கு உரியது என்ற பாதை. இந்த மூன்றும் ஒன்றாக இருக்கும் இரண்டு குக்கிகளைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள முடியாது. புதியது வந்தால் பழையது அழிந்துவிடும். இரண்டாவது கணக்கில் நுழைந்ததும் முதல் கணக்கு வெளியேறியதுபோல் தெரிவது இதனால்தான். முதல் கணக்கை யாரும் லாக்அவுட் செய்யவில்லை. அதன் குக்கி இருந்த இடத்தில் வேறொன்று உட்கார்ந்துவிட்டது.

ஃபயர்பாக்ஸ் இதற்கு நான்காவதாக ஓர் அடையாளத்தைச் சேர்த்தது. அதுதான் கன்டெய்னர். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஓர் எண் உண்டு. அதற்குள் திறந்த டேபில் வந்து சேரும் குக்கியின் மேல், ஃபயர்பாக்ஸ் தன் கோப்பில் இப்படி ஒரு குறி போட்டு வைக்கிறது:

```
^userContextId=2
```

பெயர், தளம், பாதை மூன்றும் ஒன்றாகவே இருந்தாலும் இந்த எண் வேறாக இருந்தால் இரண்டு குக்கிகளும் பக்கத்துப் பக்கத்தில் வாழும். குக்கி மட்டுமல்ல, தளம் உங்கள் கணினியில் சேமிக்கும் மற்ற தரவுகளும் இதேபோல் பிரிந்துவிடும். 2016இல் சோதனைப் பதிப்பில் வந்த இந்த வசதி, 2017இல் எல்லோரும் நிறுவிக்கொள்ளும் நீட்டிப்பாக வெளியானது. அதன் பெயர் Firefox Multi-Account Containers. வெளியிடுவது மோஸில்லாவே. addons.mozilla.org தளத்தில் தேடும்போது அந்தப் பெயருக்குக் கீழே மோஸில்லாவின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து நிறுவ வேண்டும். உங்கள் குக்கிகளையே கையாளும் நீட்டிப்பு இது. பெயர் தெரியாதவர் செய்ததை இந்த வேலைக்கு நம்புவது சரியல்ல. கணினியில் ஓடும் ஃபயர்பாக்ஸுக்கு மட்டும்தான் இது. ஆண்ட்ராய்டு போனில் கிடைக்காது.

நிறுவியதும் Personal, Work, Banking, Shopping என்று நான்கு கன்டெய்னர்கள் தயாராக இருக்கும். அவற்றையே பயன்படுத்தலாம். ஆனால் நம் ஆசிரியை புதிதாக ஒன்றை உருவாக்கி, அதற்கு ‘பள்ளி’ என்று தமிழிலேயே பெயர் வைத்து, பச்சை நிறம் கொடுப்பது நல்லது. நீட்டிப்பின் பட்டனைத் தட்டி Manage Containers என்பதற்குள் போனால் இதைச் செய்யலாம். எது எந்தக் கணக்கு என்று கண் முதலில் அறிவது நிறத்தை வைத்துத்தான். டேபின் விளிம்பில் அந்த நிறத்தில் ஒரு கோடு ஓடும். முகவரிப் பட்டையின் ஓரத்தில் பெயரும் தெரியும்.

அடுத்த படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சாதாரண டேபில் இரண்டு கணக்கும் ஏற்கெனவே கலந்து கிடக்கின்றன. அங்கே கூகுளிலிருந்து மொத்தமாக வெளியேறிவிட்டு, சொந்தக் கணக்கில் மட்டும் திரும்ப நுழைய வேண்டும். பிறகு + குறியைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் கன்டெய்னர்களின் பட்டியல் விரியும். ‘பள்ளி’யைத் தேர்ந்தெடுத்து ஜிமெயிலைத் திறந்தால், இதுவரை அந்தக் கணினியில் கூகுளையே பார்க்காதவரிடம் கேட்பதுபோல் லாகின் கேட்கும். கேட்கவேண்டும், கேட்டால்தான் கன்டெய்னர் வேலை செய்கிறது என்று பொருள். அங்கே பள்ளிக் கணக்கில் நுழைய வேண்டும். கூகுளின் கண்ணுக்கு இது புதிய கணினி போலத் தெரியும் என்பதால், போனுக்குச் சரிபார்ப்பு வரலாம். புதிய இடத்திலிருந்து நுழைந்திருக்கிறீர்கள் என்று எச்சரிக்கையும் வரலாம். பயப்பட வேண்டியதில்லை.

இப்போது பச்சை டேபைப் பிடித்து இழுத்து வெளியே விட்டால் அது தனி ஜன்னலாகிவிடும். இரண்டு ஜன்னல்களையும் திரையின் இடமும் வலமுமாக நிறுத்திவிட்டால், சொந்த ஜிமெயிலும் பள்ளி ஜிமெயிலும் ஒரே நேரத்தில் கண்முன் இருக்கும். பிரிந்திருக்கிறதா என்று சந்தேகம் இருந்தால் ஒன்றில் லாக்அவுட் செய்துவிட்டு மற்றதை ரீலோட் செய்து பாருங்கள். அது அசையாமல் நின்றால் பிரிந்திருக்கிறது. உள்ளே எட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் இரண்டு டேபிலும் Shift+F9 அழுத்தி, குக்கிகளின் பட்டியலில் SID என்ற வரியைத் தேடலாம். பெயர் ஒன்றாக இருக்கும், மதிப்பு வேறாக இருக்கும். அந்த மதிப்பைப் படம் பிடித்து யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். அது கையில் இருப்பவர் பாஸ்வேர்டு இல்லாமலே உங்கள் கணக்குக்குள் வர வாய்ப்புண்டு.

சரி, தலைமையாசிரியரின் லிங்க்? கன்டெய்னர் டேபுக்குள் இருந்து தட்டும் லிங்க் அதே கன்டெய்னரில்தான் திறக்கும். வாட்ஸ்அப் சாதாரண டேபில் இருந்தால், லிங்க்கின் மேல் வலது கிளிக் செய்து Open Link in New Container Tab வழியாகப் ‘பள்ளி’யைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணினியில் நிறுவிய வாட்ஸ்அப் செயலியிலிருந்து தட்டினால் அது கன்டெய்னர் இல்லாத டேபில் வந்து விழும். அனுமதி இல்லை என்ற அதே பக்கம் நிற்கும். அப்போது அந்தப் பட்டனைத் தொடாமல், நீட்டிப்பைத் திறந்து Reopen This Site in… என்பதில் ‘பள்ளி’யைத் தட்டினால் போதும். அதே முகவரி பச்சை டேபில் திறந்து, மதிப்பெண் பட்டியல் வந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்கவேண்டுமா என்று தோன்றும். நீட்டிப்பில் Always Open This Site in… என்று ஒரு வசதி இருக்கிறது. கேட்க இனிமையாக இருக்கும் இதில்தான் பெரும்பாலான குழப்பங்கள் பிறக்கின்றன. ஒரு தளத்தை ஒரு கன்டெய்னருக்குத்தான் ஒதுக்க முடியும். நமக்கு வேண்டியதோ ஒரே தளம் இரண்டு இடத்தில். ஜிமெயிலைப் பள்ளிக்கு ஒதுக்கிவிட்டால், சொந்த மெயிலைத் திறக்கப் போகும்போதும், பள்ளி கன்டெய்னரில் திறக்கட்டுமா என்று ஒரு பக்கம் குறுக்கே நிற்கும். அங்கே நினைவில் வைத்துக்கொள் என்ற கட்டத்தை டிக் செய்துவிட்டால் கேள்விகூட வராது, நேராகப் பள்ளிக்கே இழுத்துப் போகும்.

இதைவிடச் சிரமம் accounts.google.com என்ற லாகின் பக்கத்தை ஒதுக்கிவிடுவது. வேறொரு தளத்தில் கூகுள் மூலம் நுழையப் பார்ப்பீர்கள். லாகின் பக்கம் வந்ததும் அது பள்ளி கன்டெய்னருக்குத் தாவிவிடும். லாகின் அங்கே முடியும். புறப்பட்ட டேப் எதுவும் அறியாமல் திரும்பத் திரும்ப லாகின் கேட்டுக்கொண்டிருக்கும். அந்தத் தளம் கெட்டுப்போய்விட்டது என்றே நினைப்போம். லாகின் நடுவில் டேபின் நிறம் மாறினால் காரணம் இதுதான். ஆகவே இரண்டு கணக்கு உள்ள தளத்தை எதற்கும் ஒதுக்காதீர்கள். பள்ளியின் சொந்த வருகைப் பதிவுத் தளம் போல, ஒரே கணக்கு மட்டும் புழங்கும் தளத்துக்கு இந்த வசதி மிகவும் நல்லது.

Ctrl+T அழுத்தினால் வருவது கன்டெய்னர் இல்லாத டேப். இது கைப்பழக்கம் என்பதால் அடிக்கடி ஏமாற்றும். Ctrl உடன் முற்றுப்புள்ளியை அழுத்தினால் நீட்டிப்பு திறக்கும். அதற்குக் கையைப் பழக்கிக்கொண்டால் மவுஸைத் தேட வேண்டாம்.

பிரியாதவை எவை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தெந்தப் பக்கத்துக்குப் போனோம் என்ற வரலாறு, புக்மார்க், சேமித்த பாஸ்வேர்டு எல்லாம் எல்லாக் கன்டெய்னருக்கும் பொது. பச்சை டேபில் லாகின் பெட்டியைத் தொட்டால் சேமித்த இரண்டு முகவரிகளும் வரிசையாக வரும். தவறானதைத் தேர்ந்தெடுத்தால் சொந்தக் கணக்கு பள்ளி கன்டெய்னருக்குள் போய் உட்கார்ந்துவிடும். வீட்டில் இரண்டு பேர் ஒரே கணினியைப் பயன்படுத்தினால் கன்டெய்னர் போதாது. ஃபயர்பாக்ஸில் ஆளுக்கொரு புரொஃபைல் வைத்துக்கொள்வதே சரி. அதில் வரலாறும் பாஸ்வேர்டும் தனித்தனியாகிவிடும். ஐபி முகவரியும் எல்லா டேபிலும் ஒன்றுதான். ஒருவருக்கு ஒரு கணக்குதான் என்று விதி வைத்திருக்கும் தளத்திடமிருந்து இது யாரையும் மறைக்காது.

பிரைவேட் ஜன்னல் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எத்தனை பிரைவேட் ஜன்னல் திறந்தாலும் அவை எல்லாம் ஒரே குக்கிக் கூட்டத்தைத்தான் பகிர்ந்துகொள்ளும், கடைசி ஜன்னலை மூடியதும் லாகின் போய்விடும். கன்டெய்னரில் கணினியை அணைத்துப் போட்டாலும் மறுநாள் லாகின் அப்படியே இருக்கும். பிரைவேட் ஜன்னலுக்குள் கன்டெய்னர் வேலை செய்யாது. வரலாற்றை ஒருபோதும் நினைவில் வைக்காதே என்று அமைத்திருந்தாலும் வேலை செய்யாது. ஃபயர்பாக்ஸை மூடும்போது குக்கிகளை அழிக்கச் சொல்லி வைத்திருப்பவர்களுக்குக் கன்டெய்னரின் குக்கியும் சேர்ந்தே அழியும். தினமும் லாகின் கேட்கிறது என்றால் முதலில் அந்த அமைப்பைப் பாருங்கள்.

ஆசிரியை பள்ளி மாறும்போது ‘பள்ளி’ கன்டெய்னரை நீக்கிவிடலாம். Manage Containers பக்கத்தில் அதைத் தேர்ந்தெடுத்து Delete This Container என்பதைத் தட்டினால், திறந்திருக்கும் பச்சை டேபுகள் மூடப்பட்டு அதன் குக்கிகள் எல்லாம் அழிந்துவிடும். சொந்த ஜிமெயில் லாகின் கலையாது. சேமித்த பள்ளி பாஸ்வேர்டு மட்டும் ஃபயர்பாக்ஸில் தங்கியிருக்கும். அதை about:logins பக்கத்தில் தேடி, தனியாக நீக்க வேண்டும்.