பனிக்கட்டியைப் போட்டால் தண்ணீர் எத்தனை டிகிரிக்குக் குளிரும்?

வெப்பம் வெளியே கசியாத ஒரு பாத்திரத்தில் 30 டிகிரி செல்சியஸில் 200 கிராம் தண்ணீர் இருக்கிறது. அதில் 0 டிகிரியில் உள்ள 50 கிராம் பனிக்கட்டியைப் போடுகிறோம். கட்டி கரைந்து எல்லாம் ஒன்றான பிறகு வெப்பமானியில் என்ன காட்டும்?

பனிக்கட்டிக்குப் பதிலாக 0 டிகிரித் தண்ணீர் 50 கிராம் ஊற்றியிருந்தால் கணக்கு ஒரே வரியில் முடிந்துவிடும். சூடான தண்ணீர் இழந்த வெப்பமும் குளிர்ந்த தண்ணீர் பெற்ற வெப்பமும் சமம். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி வேண்டும். எனவே 200 கிராம் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 0 வரை இறங்கினால் 6000 கலோரி கிடைக்கும். அதை மொத்தம் 250 கிராமுக்குப் பகிர்ந்தால் 24 டிகிரி வரும்.

பனிக்கட்டி போட்டாலும் இதே 24 தான் வரும் என்று எழுதும் மாணவர்கள் நிறைய. அந்த விடையைப் பார்த்தால் சந்தேகமே வராது. முப்பதுக்குக் கொஞ்சம் கீழே, நம்பும்படியான எண். ஆனால் உண்மையில் வெப்பமானி காட்டுவது 8 டிகிரி. இடையில் காணாமல் போன 16 டிகிரி எங்கே போயிற்று என்பதுதான் இந்தக் கணக்கின் உயிர்நாடி.

அதைக் கண்டுபிடித்தவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஜோசப் பிளாக். காலம் 1760களின் தொடக்கம். உருகும் நிலைக்கு வந்துவிட்ட பனிக்கட்டிக்கு இன்னும் துளி வெப்பம் கொடுத்தால் போதும், முழுதும் தண்ணீராகிவிடும் என்று அன்று எல்லோரும் நினைத்தார்கள். பிளாக் வெளியே பார்த்தார். அது உண்மையானால், குளிர்காலம் முடிந்து கொஞ்சம் வெயில் பட்டதும் மலைகளில் கிடக்கும் பனி அத்தனையும் ஒரே மூச்சில் உருகி ஊரையே அடித்துக்கொண்டு போக வேண்டுமே? அப்படி நடப்பதில்லை. பனி வாரக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் உருகுகிறது.

எனவே அவர் ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குடுவைகளை ஒரு பெரிய கூடத்தில் தொங்கவிட்டார். ஒன்றில் உருகத் தொடங்கும் பனிக்கட்டி, மற்றதில் அதே எடையில் 33 டிகிரி பாரன்ஹீட் தண்ணீர். தண்ணீர் அரை மணி நேரத்தில் 7 டிகிரி ஏறி 40ஐத் தொட்டது. பனிக்கட்டி உருகி அதே 40ஐத் தொடப் பத்தரை மணி நேரம் ஆயிற்று. அதாவது 21 அரை மணிகள். கூடத்துக் காற்று இரண்டு குடுவைக்கும் ஒரே வேகத்தில்தான் வெப்பம் கொடுத்தது என்று கொண்டால், பனிக்கட்டி வாங்கியது 147 டிகிரிக்கான வெப்பம். அதில் 32லிருந்து 40க்கு ஏற 8 டிகிரி போக, மீதி 139 வெறுமனே உருகுவதற்கே செலவாகியிருக்கிறது. செல்சியஸில் சொன்னால் சுமார் 77. வெப்பமானி அசையாமல் நிற்க, உள்ளே மறைந்து போன இந்த வெப்பத்தைத்தான் உருகுதலின் உள்ளுறை வெப்பம் என்கிறோம். இன்றைய அளவுப்படி அது கிராமுக்கு ஏறத்தாழ 80 கலோரி. ஒரு கடிகாரத்தையும் இரண்டு குடுவைகளையும் வைத்துக்கொண்டு அவர் இவ்வளவு பக்கத்தில் வந்தது எனக்கு இன்றைக்கும் வியப்பு.

80 கலோரி எவ்வளவு பெரியது என்பதை இப்படிப் பார்க்கலாம். கை வைக்க முடியாத 80 டிகிரிச் சூட்டில் ஒரு கிலோ தண்ணீர். அதில் 0 டிகிரிப் பனிக்கட்டி ஒரு கிலோவைப் போட்டால், கடைசியில் கிடைப்பது 0 டிகிரியில் இரண்டு கிலோ தண்ணீர். அத்தனை சூடும் கட்டியை உருக்குவதோடு தீர்ந்துவிடும்.

இப்போது நம் பாத்திரத்துக்கு வருவோம். இந்தக் கணக்கை வீட்டு வரவுசெலவு போலப் போடுவது நல்லது. முதலில் கையிருப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும், பிறகு கட்டாயச் செலவு, அதன் பின் மிச்சம். கையிருப்பு என்பது தண்ணீர் 0 டிகிரி வரை இறங்கினால் தரக்கூடிய 6000 கலோரி. கட்டாயச் செலவு, 50 கிராம் கட்டியை உருக்க 50 × 80, அதாவது 4000. மிச்சம் 2000. பாத்திரத்தில் இப்போது எல்லாமே 0 டிகிரித் தண்ணீர், 250 கிராம். 2000ஐ 250ஆல் வகுத்தால் 8 டிகிரி.

கடைசி வரியில்தான் பலருக்குக் கை தவறும். உருகி வந்த 50 கிராமும் இப்போது தண்ணீர்தான், அதையும் சூடாக்கியாக வேண்டும் என்பது மறந்துபோய் 2000ஐ 200ஆல் வகுத்து 10 என்று எழுதிவிடுவார்கள். இதுவும் பார்த்தால் சரி போலத் தோன்றும் விடையே. விடையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்படும். 10 டிகிரியில் முடிந்ததென்றால் தண்ணீர் இழந்தது 200 × 20, அதாவது 4000. பனிக்கட்டி பெற்றது 4000, கூட 50 × 10 ஆக 500. இரண்டும் ஒட்டவில்லை. எட்டைப் போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் 4400 வரும்.

பனிக்கட்டியை 150 கிராமாகக் கூட்டினால் கதையே மாறுகிறது. வழக்கமான சமன்பாட்டை அப்படியே எழுதுகிறவருக்கு, 6000லிருந்து 12000 போய் மைனஸ் 6000, அதை 350ஆல் வகுக்க மைனஸ் 17 டிகிரி என்று வரும். சுடுதண்ணீரையும் 0 டிகிரிக் கட்டியையும் கலந்து இரண்டையும்விடக் குளிர்ந்த ஒன்றைப் பெற முடியாது. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. கட்டி முழுதும் உருகிவிடும் என்று நாம் கேட்காமலே எடுத்துக்கொண்டதுதான் பிழை.

வரவுசெலவு முறையில் இது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். கையிருப்பு 6000, செலவோ 12000. காசு போதவில்லை. 6000 கலோரியில் எத்தனை கிராம் உருகும் என்று மட்டும் கேட்டால் போதும்: 75 கிராம். மீதி 75 கிராம் கட்டியாகவே மிதக்கும். தண்ணீரும் கட்டியும் 0 டிகிரியிலேயே அமைதி கொள்ளும். இங்கே வெப்பநிலையைத் தேட வேண்டியதே இல்லை, அது நமக்கு முன்கூட்டியே தெரியும். தேட வேண்டியது உருகிய எடை. 75 கிராமுக்கு மேல் எவ்வளவு கட்டி போட்டாலும், 100 ஆனாலும் 500 ஆனாலும், வெப்பமானி 0க்குக் கீழே போகாது. உருகுவதும் அதே 75 தான்.

இதுவரை கட்டி 0 டிகிரியில் இருந்தது. ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த கட்டி மைனஸ் 18 டிகிரியில் இருக்கலாம். பனிக்கட்டி ஒரு கிராமை ஒரு டிகிரி ஏற்ற அரைக் கலோரி வேண்டும். அப்படிப்பட்ட கட்டி 200 கிராமில், 10 டிகிரித் தண்ணீர் 40 கிராம் ஊற்றுகிறோம் என்று வையுங்கள். கட்டி 0க்கு ஏறவே 200 × 0.5 × 18 ஆக 1800 கலோரி கேட்கிறது. தண்ணீர் 0க்கு இறங்கித் தருவது 400 மட்டுமே. மீதி 1400 எங்கிருந்து வரும்? தண்ணீரே உறைய ஆரம்பிக்கும். உறையும் ஒவ்வொரு கிராமும், உருகும்போது வாங்கிய அதே 80 கலோரியைத் திருப்பித் தரும். 1400ஐ 80ஆல் வகுத்தால் 17.5 கிராம். ஆக, கடைசியில் பாத்திரத்தில் பனிக்கட்டி 217.5 கிராம், தண்ணீர் 22.5 கிராம். ஊற்றியதில் பாதிக்குச் சற்றுக் குறைவானது கட்டியோடு சேர்ந்துவிட்டது. ஃப்ரீசர் கட்டிகளின் மேல் தண்ணீர் பட்டதும் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் இதனால்தான்.

தாளில் இப்படி. ஆய்வகத்தில் இதே கணக்கைத் திருப்பிப் போட்டு 80 என்ற எண்ணையே அளக்கிறார்கள். செம்பாலான கலோரிமானியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்து, சிறு கட்டிகளாகப் போட்டுக் கலக்கி, முழுதும் கரைந்ததும் வெப்பநிலையைக் குறிப்பார்கள். போட்ட கட்டியின் எடை, முன்னும் பின்னும் எடைபோட்டுக் கழித்ததில் தெரியும். 150 கிராம் தண்ணீர் என்று கொள்வோம். செம்புப் பாத்திரமும் கலக்கியும் குளிரத்தான் செய்யும், ஆகவே அவற்றுக்கு ஈடாக 10 கிராம் தண்ணீரைச் சேர்த்து 160. அது 35லிருந்து 25க்கு இறங்கியது, எனவே இழந்தது 1600 கலோரி. சேர்ந்த எடை 16 கிராம். கிராமுக்கு 100 கலோரி. அதில் உருகிய தண்ணீர் 25 டிகிரி ஏறியதற்கு 25 போக, உள்ளுறை வெப்பம் 75.

80 வரவில்லை. கருவி பழுது என்று அவசரப்பட வேண்டாம். அந்த 16 கிராமில் 15 தான் கட்டி, ஒரு கிராம் கட்டியின் மேல் ஒட்டியிருந்த தண்ணீர் என்று வைத்துப் பாருங்கள். 15 கிராம் கட்டி உருகி 25க்கு ஏற 15 × 105, அதாவது 1575. ஒரு கிராம் தண்ணீர் வெறுமனே ஏற 25. கூட்டினால் சரியாக 1600. ஒட்டிய ஒரே ஒரு கிராம், 80ஐ 75 ஆக்கிவிட்டது. கட்டியை ப்ளாட்டிங் பேப்பரில் ஒற்றி எடுத்து, விரல் படாமல் இடுக்கியால் போடச் சொல்வது சடங்குக்காக அல்ல.

பாரிஸில் லவாய்சியரும் லாப்லாஸும் 1783இல் வெளியிட்ட ஆய்விலும் இதே தொல்லை இருந்தது. அவர்கள் பனிக்கட்டி சூழ்ந்த கூண்டுக்குள் சூடான பொருளை வைத்து, உருகி வடியும் நீரை எடைபோட்டு வெப்பத்தை அளந்தார்கள். நொறுக்கிய பனிக்கட்டி தண்ணீரைத் தன் இடுக்குகளில் பிடித்து வைத்துக்கொள்கிறது, வடிந்ததை வைத்து உருகியதைச் சொல்ல முடியாது என்று மட்பாண்டத் தொழிலில் பெயர்பெற்ற ஜோசையா வெட்ஜ்வுட் எதிர்ப்புச் சொன்னார். நியாயமான எதிர்ப்பு.

நம் ஊர் ஆய்வகத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் பாத்திரம் குளிர்ந்ததும் வெளிப்புறம் வியர்க்கும். காற்றின் ஈரம் ஒரு கிராம் தண்ணீராகும்போது சுமார் 580 கலோரியைக் கொட்டுகிறது. பாத்திரத்தின் மேல் 0.1 கிராம் வியர்த்து, அந்த வெப்பம் முழுதும் உள்ளே போனால் 58 கலோரி. கணக்கில் வராத இந்த வெப்பமும் விடையை 4 கலோரி அளவுக்குக் கீழே இழுத்துவிடும். அதனால்தான் அறை வெப்பநிலைக்குச் சில டிகிரி மேலே தொடங்கி, அதே அளவு கீழே போனதும் நிறுத்துகிறார்கள். முதல் பாதியில் வெளியே போகும் வெப்பமும் பின்பாதியில் உள்ளே வருவதும் ஏறத்தாழ ஈடாகிவிடும். வியர்க்கும் அளவுக்குக் குளிரும் முன்பே கலக்கியை நிறுத்தியும்விடலாம்.