மேற்படி என்றால் எந்தப் புத்தகம்?

நூலகத்துக்கு ஒரு புத்தகம் வந்தால், அலமாரிக்குப் போகும் முன் அது சேர்க்கைப் பதிவேட்டில் ஏறும். நூலகர்கள் அக்சஷன் ரிஜிஸ்டர் என்று சொல்லும் அந்தக் கனத்த நோட்டில் தேதி, சேர்க்கை எண், ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, விலை, யாரிடம் வாங்கியது என்று கட்டங்கள் ஓடும். ஒவ்வொரு பிரதிக்கும் ஓர் எண். ஒரு முறை கொடுத்த எண் இன்னொரு புத்தகத்துக்குப் போகாது. அதே எண்ணைப் புத்தகத்தின் உள்ளேயும் எழுதிவைப்பார்கள்.

பல நூலகங்கள் இப்போது கோஹா போன்ற மென்பொருளுக்கு மாறிவருகின்றன. அலமாரியில் உள்ள ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்துப் பார்த்துப் பதிவதற்கு ஆளும் நேரமும் கிடைப்பதில்லை. அதனால் பழைய பதிவேட்டைப் பார்த்தே கணினியில் ஏற்றுகிறார்கள். நோட்டில் கட்டங்கள் இருக்கின்றன, கணினியிலும் கட்டங்கள் இருக்கின்றன. பார்த்துத் தட்டினால் வேலை முடிந்துவிடும் என்றுதான் தோன்றும். சிக்கல் முதல் பக்கத்திலேயே தொடங்கிவிடும்.

இப்படி மூன்று வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

```
4171 | மு.வ. | அகல் விளக்கு | பாரி | 1958
4172 | ௸ | ௸ | ௸ | ௸
4173 | ௸ | கள்ளோ காவியமோ | ௸ | 1960
```

௸ என்பது ‘மேற்படி’யைக் குறிக்கும் பழைய தமிழ்க் குறி. சிலர் இரட்டைப் புள்ளி போடுவார்கள், சிலர் கோடு இழுப்பார்கள். எழுதியவருக்கு நேரம் மிச்சம். ஆனால் அந்த வரி தனியாக நின்றால் அதற்குப் பொருளே இல்லை. தட்டச்சு செய்பவர் குறியை அப்படியே ஏற்றிவிட்டு, பிறகு பட்டியலை அகரவரிசைப்படுத்தினால் 4173ஆம் புத்தகத்தின் ஆசிரியர் யார் என்பது தொலைந்துபோகும். ஆகவே முதல் வேலை, மேற்படி வரும் ஒவ்வொரு கட்டத்திலும் மேலே உள்ள சொல்லை முழுதாக எழுதி நிரப்புவது. அது முடியும்வரை வரிசையை மாற்றக் கூடாது. புதிய பக்கத்தின் முதல் வரியிலேயே மேற்படி இருந்தால் முந்தைய பக்கத்தின் கடைசி வரியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பக்கங்களைப் பிரித்து இரண்டு பேரிடம் கொடுக்கும்போது அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

நிரப்பிய பிறகு 4171, 4172 இரண்டும் எண்ணைத் தவிர மற்றெல்லாவற்றிலும் ஒன்றாகிவிடும். பதிவேட்டுக்கும் நூற்பட்டியலுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இங்கே தெரிகிறது. பதிவேடு பிரதிகளின் கணக்கு. நூலகத்தின் சொத்து எத்தனை என்பதற்கு அது சாட்சி. நூற்பட்டியலில் ஒரு பதிப்புக்கு ஒரு பதிவுதான் இருக்கும், அதன் கீழே பிரதிகள் அடுக்கப்படும். இரண்டு வரிகளையும் தனித்தனிப் பதிவாக ஏற்றினால், ‘அகல் விளக்கு’ என்று தேடும் வாசகருக்கு ஒரே நூல் இரண்டு முறை வரும். ஒரு பதிவில் ‘வெளியே போயிருக்கிறது’ என்று பார்த்துவிட்டு, இன்னொரு பிரதி அலமாரியில் இருப்பது தெரியாமலே அவர் திரும்பிப் போகலாம்.

உலகெங்கும் நூலகங்கள் பயன்படுத்தும் மார்க் 21 என்ற வடிவத்தில் ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் எண்ணிட்ட புலம் உண்டு. மேலே உள்ள முதல் இரண்டு வரிகளும் சேர்ந்து கோஹாவில் ஏறும்போது சுருக்கமாக இப்படி ஆகும்:

```
=100  1\$aவரதராசன், மு.
=245  10$aஅகல் விளக்கு /$cமு. வரதராசன்
=260  \\$aசென்னை :$bபாரி நிலையம்,$c1958
=952  \\$p4171
=952  \\$p4172
```

100 ஆசிரியர், 245 தலைப்பு, 260 ஊரும் பதிப்பகமும் ஆண்டும். 952 கோஹாவில் பிரதிக்குரிய புலம். இரண்டு பிரதி என்பதால் இரண்டு முறை வந்திருக்கிறது. பல நூலகங்கள் சேர்க்கை எண்ணையே பார்கோடாகவும் வைத்துக்கொள்வதால் அது அங்கே உட்கார்ந்திருக்கிறது. இதே நூலின் வேறொரு ஆண்டுப் பதிப்பு பின்னால் வாங்கப்பட்டிருந்தால் அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.

‘மு.வ.’ எப்படி ‘வரதராசன், மு.’ ஆனார்? பதிவேட்டை ஆண்டுக்கணக்கில் பலர் எழுதியிருப்பார்கள். ஒருவர் மு.வ. என்பார், ஒருவர் டாக்டர் மு. வரதராசனார் என்பார், இன்னொருவர் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். கணினிக்கு இவர்கள் எல்லாரும் வேறு வேறு ஆட்கள். எனவே ஏற்றுவதற்கு முன் ஆசிரியர் பெயர்களை மட்டும் தனியே எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரே வடிவத்தை முடிவுசெய்து, பதிவேட்டில் கண்ட வடிவங்களை அதற்கு எதிரே எழுதிய அட்டவணை ஒன்றைத் தயாரிப்பது நல்லது. பதிப்பகப் பெயர்களுக்கும் இதே வழிதான். ‘கழகம்’ என்று மட்டும் இருந்தால் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகமாக இருக்கலாம். ஆனாலும் புத்தகத்தைப் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும்.

ஆசிரியர் கட்டத்தில் இருப்பவர் எப்போதும் ஆசிரியராகவும் இருக்க மாட்டார். புறநானூற்றுக்கு எதிரே உ.வே. சாமிநாதையர் என்று எழுதியிருந்தால் அவர் 1894இல் அந்த நூலை அச்சில் கொண்டுவந்த பதிப்பாசிரியர். அவர் பெயர் 100இல் ஏறக் கூடாது, 700ஆம் புலத்துக்குப் போக வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்கும் அதுதான் இடம். பதிப்பகக் கட்டத்திலும் இதே மயக்கம் உண்டு. பில்லைப் பார்த்து எழுதியவர், புத்தகத்தை விற்ற கடையின் பெயரைப் பதிப்பகம் என்று எழுதியிருக்கலாம். ஒரே பில்லில் வந்த பல வகை நூல்களுக்கும் ஒரே பதிப்பகம் வந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

ஆண்டுதான் மிகவும் ஏமாற்றும். பழைய நூல்களின் தலைப்புப் பக்கத்தில் ‘விளம்பி’ என்பதுபோல் தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருக்கும், பதிவேட்டிலும் அதுவே ஏறியிருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒரு முறை பெயர் திரும்புவதால் விளம்பி 1898-99ஆக இருக்கலாம், 1958-59ஆகவும் இருக்கலாம். சித்திரையில் தொடங்கும் ஆண்டு என்பதால் 1958இன் விளம்பித் தை, 1959இல் விழும். இன்னொரு பொறி திருவள்ளுவர் ஆண்டு. கட்டத்தில் 2002 என்று இருந்து, புத்தகம் நூலகத்துக்கு வந்த தேதி 1972 என்றிருந்தால், 31ஐக் கழித்துப் பார்க்க வேண்டும்; 1971 வரும். வந்த தேதிக்குப் பிந்திய ஆண்டில் எந்தப் புத்தகமும் அச்சாகியிருக்க முடியாது. இந்த ஒரு விதியைக் கோப்பு முழுவதும் ஓட்டினால் ஆண்டுப் பிழைகளில் கணிசமானவை தாமே வெளியே வந்துவிடும். ஆண்டே இல்லாத வரிக்கு, வந்த தேதியை வெளியீட்டு ஆண்டாகப் போட்டுவிடுவது தவறு. காலியாக விட்டு, அலமாரியில் பார்க்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

எக்செலில் தட்டும்போது எண் கட்டங்களை முதலிலேயே எழுத்து வகையாக மாற்றிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் 00417 என்ற சேர்க்கை எண் 417 ஆகிவிடும். இரண்டு ரூபாய் எட்டணா என்பதைக் குறிக்கும் 2-8-0 தேதியாக மாறிவிடக்கூடும்.

கடைசியில் எண்ணிக்கை. பதிவேட்டின் கடைசி எண் 12,640 என்றால் கோப்பிலும் 12,640 சேர்க்கை எண்கள் இருக்க வேண்டும், ஒன்றுகூட இரட்டிக்காமல். ‘4201–4205, ஐந்து பிரதிகள்’ என்று ஒரே வரியில் எழுதியவை ஐந்தாகப் பிரிந்திருக்க வேண்டும். சிவப்பு மையில் ‘தள்ளுபடி’ என்று அடித்தவையும் கோப்பில் இருக்க வேண்டும், ஆனால் வாசகர் தேடும்போது அவை வரக் கூடாது. எண்ணிக்கை பொருந்திய பிறகு, கோப்பிலிருந்து நூறு எண்களைக் குருட்டாம்போக்கில் எடுத்து அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். பிழைகள் ஒரே கட்டத்தில் குவிந்தால், பதிவேட்டில் அந்தக் காலத்துப் பக்கங்களை எழுதியவரின் வழக்கத்தைப் புரிந்துகொண்டு அந்தப் பக்கங்களை மட்டும் மறுபடி பார்த்தால் போதும்.